தொண்ணூற்று மூன்று மார்க் வாங்கிய கிள்ளான் கம்பெனி

ஜெயராஜுக்கு மனிதர்களைப் பிடிக்காது, எண்களைத்தான் பிடிக்கும். அந்த எண்களையும் அவன் ஒழுங்காகப் படித்ததில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் கம்பெனி, லோரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை விற்கிறது. அதற்கு அவன் மேலாளர். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவான். எத்தனை மணி நேரம் மென்பொருளுக்குள் இருக்கிறார்கள் என்பதற்கு ஐம்பது, புகார் குறைந்தால் முப்பது, பணம் நாள் தவறாமல் வந்தால் இருபது. எழுபதைத் தாண்டினால் பச்சை. பச்சையைத் தொந்தரவு செய்யக் கூடாது, சிவப்பை மட்டும் போய்ப் பார் என்பது அவன் சட்டம். தீர்ந்ததோ தீரவில்லையோ, புகாரை இரண்டே நாளில் மூடிவிட வேண்டும் என்பது இன்னொன்று.

என் பொறுப்பில் இருந்த கிள்ளான் லோரி கம்பெனிக்குத் தொண்ணூற்று மூன்று. அவர்களுடைய ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அவர்கள் போனால் என் வேலையும் போகும் என்று ஜெயராஜ் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

அந்த மார்க்கை நான் நம்பவில்லை. வாரம் பத்துப் புகார் அனுப்பியவர்கள் இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை. மென்பொருளில் அவர்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தேன். லோரிகளுக்கு வேலை பிரிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. ஒரே ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தார். ஜெயராஜின் கணக்கில் அதுவும் பயன்பாடுதான். பணமோ வங்கியிலிருந்து தானாகக் கழிகிறது.

"பாஸ், மூட்டை கட்டுறாங்க பாஸ். நான் இன்னிக்கே கிள்ளான் போறேன்."

"பச்சை லா, ஷாமினி. அத ஏன் நோண்டுற? பந்திங் கஸ்டமர் நாப்பத்தொண்ணு, சிவப்பு. அங்க போ."

தலையாட்டிவிட்டுப் பந்திங் போனேன். அந்தச் சிவப்பு மனிதர் ஒரு மணி நேரம் கத்தித் தீர்த்தார். பிறகு ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்தே கிள்ளான் முதலாளி சிவநேசனுக்கு போன் செய்தேன்.

"அங்கிள், நம்ம சிஸ்டத்துல ஏதும் பிரச்சனையா?"

"பிரச்சனையெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. நாங்க எழுத எழுத நீங்க 'தீர்ந்தது'ன்னு மூடிட்டே இருந்தீங்க. அப்புறம் யாருக்கு எழுதறது? இப்பதான் வேற கம்பெனியில சைன் பண்ணினேன். காலையில நீ நேர்ல வந்திருந்தாகூட பேசியிருக்கலாம்."

மறுநாள் அவர்களுடைய விலகல் கடிதம் வந்தது. ஜெயராஜ் அதைப் படித்துவிட்டுத் திரையைப் பார்த்தான்.

"புகாரே இல்லையே, எப்படிப் போவாங்க?"

"நான்தான் சொன்னேனே, பாஸ்."

"சொன்னா பத்துமா? போயிருக்கணும்."

என் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தான். அவனிடம் வேலை பார்த்த நான்கு வருடத்தில் அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அந்தப் 'போயிருக்கணும்'தான். அதற்காகவே அவனை இன்னும் கூடுதலாக வெறுக்கிறேன்.