ஒன்றாக ஓடவிட்டுப் பார்க்காத போறணைகள்

எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் செக்லிஸ்ட்டின் கடைசி வேலை. தனித்தனியே ஓடினால் போதாதா என்று மேனேஜர் யசோதினியே ஓடவிட்டுப் பார்க்காமல் அதற்குச் சரி போட்டாள். பிலிமத்தலாவையின் அந்தப் புது பேக்கரியில் எல்லோருமே களைத்துப் போயிருந்தார்கள்.

மறுநாள் நல்ல நேரத்தில் பால் பொங்கியது. முதலாளி மோகனராஜ் ரிப்பன் வெட்டினார். பாண் சுடும் இரண்டு கரண்ட் போறணைகளும் ஏசியும் சேர்ந்து ஓடியதும் மெயின் சுவிட்ச் விழுந்து கரண்ட் போனது. தூக்கத் தூக்க விழுந்தது. வந்த சனம் வெறுங்கையோடு திரும்பியது.

"ரெண்டு போறணையும் ஒரே ஃபேஸ்ல கெடக்கு. பிரிச்சுப் போட நாளைக்கு ஆகும்" என்றார் வயரிங்காரர்.

"கெம்பஸ் முடிச்ச புள்ளைன்னுதானே ஒன்கிட்ட குடுத்தேன்?" என்றார் முதலாளி யசோதினியிடம்.

"என் பிழைதான். ஆனா சாமி படம் எங்க மாட்டுறதுன்னு ஒரு பின்னேரம் பூரா பேசினோமே, மொதலாளி. இதுக்கு ஒருத்தருக்கும் நேரமில்ல. அடுத்த தடவையும் இப்படின்னா நான் இல்ல."

வயரிங் முடிந்தது. மறுபடி வைத்த திறப்பு நாளில் எல்லா மெஷினும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்க, முதலாளி பால்சட்டியோடு வந்தார்.

"நல்ல நேரம் போகுதும்மா."

"போகட்டும். ஒரு மணித்தியாலம் ஓடணும்."

பேக்கர் பஹ்மி சிரிப்பை அடக்கினான். முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.