பாதியில் எடுத்த கோப்பு

சுடரொளி கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே கார்த்திகேசுவுக்கு 'மின்னியல் உருமாற்றத் தலைமை அதிகாரி' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். அவருக்குக் கீழே வேலை செய்ய யாரும் கிடையாது. பக்கத்தில் உட்காரவும் யாரும் கிடையாது. பேரனைப் பார்க்கப் பெர்த்துக்குப் போன மனைவி, திரும்பும் தேதியை ஒரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். பண்டமாரான் வீட்டில் அவரோடு பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான்.

உறுப்பினர்கள் கட்டும் தவணை விவரங்களை வங்கி தினமும் ஒரு கோப்பாக எஸ்எஃப்டிபி என்ற இணையப் பெட்டியில் போடும். கார்த்திகேசு எழுதிய கணினி நிரல் அரைமணிக்கொரு தரம் போய், பெட்டியில் இருப்பதை அள்ளி வரும். கோப்பு பெரியது, ஏறி முடியச் சில நிமிடம் பிடிக்கும். அந்த நேரம் பார்த்துப் போனால் பாதிதான் கையில் வரும். கடைசி வரியில் மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை இருக்க வேண்டும். அந்த வரி இல்லை என்றால் நிரல் எதையும் கணக்கில் ஏற்றாது, சிவப்பு எழுத்தில் அலறிவிட்டு நின்றுவிடும்.

உடனே கார்த்திகேசு செராஸிலிருக்கும் வங்கியின் கோப்புப் பிரிவுக்குப் போன் போடுவார்.

"லத்தீஃபா, ஏறி முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுண்ணே. இப்ப எடுங்க. சாப்பிட்டீங்களா?"

"கீழ கடையிலதான். சாம்பார்ல உப்பே இல்லை."

"இன்னைக்குமா? கடைய மாத்துங்கலா!"

அவ்வளவுதான் பேச்சு. அவர் அன்று பேசிய முழு வாக்கியங்களில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

வங்கியின் மேல் குற்றமே இல்லை. ஏறிக்கொண்டிருக்கும் கோப்பின் பெயர் '.part' என்று முடியும். முழுதாக ஏறிய பிறகுதான் வங்கி அந்த வாலை வெட்டிப் பெயரை மாற்றும். வாலுள்ளதைத் தொடாதே என்று நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் வாரமே இது கார்த்திகேசுவுக்குத் தெரியும். அந்த வரியை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டார்.

சங்கத் தலைவர் டத்தோ தம்புசாமி கேட்டபோதெல்லாம், "பேங்க் சைடு பிராப்ளம் டத்தோ" என்பார். டத்தோவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கூட்டங்களில், "நாம் விண்கலத்தில் போகிறோம், வங்கி மாட்டுவண்டியில் வருகிறது" என்று முழங்குவார். அவருக்கு மின்னஞ்சல் திறக்கவே ஆள் வேண்டும்.

ஆண்டுக்கூட்டம் நெருங்கியது. டத்தோ தன் பட்டங்களை எல்லாம் வரிசையாகப் போட்டு வங்கித் தலைமையகத்துக்குப் புகார் அனுப்பினார். கார்த்திகேசுவிடம் அதைச் சொன்னது லத்தீஃபாதான்.

"அண்ணே, எனக்கு விளக்கம் கேட்டு ஷோ காஸ் லெட்டர் குடுத்துட்டாங்க. உங்க சங்கத்துக்கு அரைகுறை ஃபைல் அனுப்புறேனாம். வேலைக்கே உலை வச்சிருவாங்க போல. நான் என்னண்ணே தப்பு செஞ்சேன்?"

கீழே கடையில் யாரோ ரசம் கேட்டுக் கத்துவது தெளிவாகக் கேட்டது.

"நீங்க ஒண்ணும் செய்யல. என் புரோகிராம்தான் பாதியிலேயே எடுத்துருது. பேர் மாறுற வரைக்கும் விட்டுவைக்கணும். நான் விடல."

"எப்ப தெரிஞ்சுது?"

"ஆரம்பத்துலயே."

"தெரிஞ்சா ஏன் திருத்தல?"

சாம்பாரைப் பற்றிப் பேச ஆள் இல்லை என்று ஒரு தலைமை அதிகாரி எப்படிச் சொல்வார்? "வேலை ஜாஸ்தி" என்றார். நாள் முழுக்கக் கணினியில் சொலிட்டேர் சீட்டாடுகிறவரின் குரலில் அது சற்றும் ஒட்டவில்லை.

"நல்லா இருக்குண்ணே" என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அன்றே அந்த வரியைச் சேர்த்தார். தவறு தன்னுடையதே என்று வங்கித் தலைமையகத்துக்கு எழுதி, டத்தோவுக்கும் ஒரு பிரதி போட்டார். டத்தோவின் மின்னஞ்சலைத் திறக்கும் ஆள் விடுப்பில் இருந்தான்.

அதன் பிறகு நிரல் ஒரு நாளும் அலறவில்லை. வாலோடு கிடப்பதைத் தாண்டிப் போய்விடும், அடுத்த சுற்றில் முழுக்கோப்பை எடுத்துவரும். ஆண்டுக்கூட்டத்தில் டத்தோ, 'மனிதக் கை படாத முறை' என்று பதாகை கட்டி ரிப்பன் வெட்டினார். கார்த்திகேசுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கையைக் குலுக்க டத்தோவுக்கு நேரமில்லை.

அடுத்த திங்கள் அவர் செராஸுக்குப் போன் போட்டார். எடுத்தது ஓர் இளைஞன்.

"லத்தீஃபா இருக்காங்களா?"

"அக்கா இங்கதான் இருக்காங்க. ஆனா உங்க சங்கத்துலேர்ந்து போன் வந்தா நான்தான் எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கம்ப்ளெயின்ட் டிக்கெட் நம்பர் சொல்லுங்க அங்கிள்."

"டிக்கெட் இல்லையே."

"ஃபைல் வரலியா?"

"வந்துச்சு."

"முழுசா?"

"முழுசா."

"அப்ப ஒரு பிராப்ளமும் இல்ல அங்கிள்" என்றான் அவன், மிகுந்த மரியாதையோடு.