சார் சொல்லாத வரி

மேகங்களைப் பற்றிய வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருவது யார் செய்த சதியோ தெரியாது. ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, புரொஜக்டரைப் போட்டால் சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக மேகங்கள் வந்து நிற்கும். பேராசிரியரின் குரலும் தாலாட்டுக்கென்றே படைத்த குரல். முதல் ஸ்லைடில் கொட்டாவி, மூன்றாவதில் கண் சொக்கும், அதற்கப்புறம் வகுப்பே கரையை விட்டுக் கிளம்பிவிடும்.

விழித்திருந்தது நோட்ஸக்கா ஒருத்திதான் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விடியற்காலை வேலையை முடித்துவிட்டு, முடியில் நீராவி வாசனையோடு வந்து முதல் வரிசையில் உட்காருவாள். வகுப்பில் அவளுக்குத்தான் வயது அதிகம், பள்ளிக்கூடம் போகும் மகளும் உண்டு. நிமிர்ந்த முதுகு, ஓயாமல் ஓடும் பேனா. வகுப்பு முடிந்ததும் அவள் நோட்டு கைமாறிப் போகும். நோட்ஸக்கா என்ற பட்டம் அப்படி வந்ததுதான். பிறந்ததிலிருந்து அவளை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. அதனால் அந்தப் பட்டத்தைத் தங்கச் சங்கிலி மாதிரி போற்றி வைத்திருந்தாள்.

பரீட்சை நெருங்கியது. சாரின் ஸ்லைடுகளில் படம்தான் இருக்கும், எழுத்து ஏதோ போனால் போகிறதென்று ஓரத்தில் இரண்டு வரி. விஷயமெல்லாம் அவர் வாயில். இரண்டையும் சேர்த்து வகுப்புக்கு ஒரு படிப்புத் தொகுப்பு போட்டால் எல்லாரும் கரையேறிவிடலாம்.

"கேக்காம போட்டா சார் கொன்னுடுவாருக்கா. போன வருஷம் யாரோ அவர் ஸ்லைடை நெட்ல ஏத்தி விட்டு பெரிய ரகளையாச்சு" என்றான் வகுப்புத் தலைவன். "நீங்க மெயில் போடுங்க. உங்க மேல அவருக்குத் தனி மரியாதை."

சலவைக்கூடத்தில், மடித்த போர்வை அடுக்கில் சாய்ந்துகொண்டு, ஃபோனிலேயே எழுதினாள். எழுதி அழித்து, அழித்து எழுதி, கடைசியில் இப்படி நின்றது:

"மதிப்பிற்குரிய ஐயா, வானிலையியல் பாடத்தில் மேகங்கள், மழை ஆகிய இரண்டு அலகுகளுக்கான உங்கள் ஸ்லைடுகளைச் சுருக்கி, வகுப்பில் நீங்கள் தந்த விளக்கங்களைச் சேர்த்து, ஒரு படிப்புத் தொகுப்பாக்க உங்கள் அனுமதி வேண்டும். எங்கள் வகுப்புக்கு மட்டும். விற்க மாட்டோம், இணையத்தில் ஏற்ற மாட்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் பெயர் இருக்கும், நாங்கள் மாற்றியது எதுவென்றும் குறிப்போம். மாதிரிப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துத் திருத்திய பிறகே வகுப்புக்குக் கொடுப்போம்."

அனுப்பிய பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் வெள்ளைத் துணிகள் எழும்பின, சரிந்தன, மறுபடி எழும்பின. பார்த்துக்கொண்டே நின்றாள்.

பதில் மறுநாள் வந்தது.

"உங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி. நான் வரைந்த படங்களைப் பயன்படுத்த எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மழைத்துளி வளரும் படம் பாடநூலில் இருந்து எடுத்தது, அதற்கு நான் அனுமதி தர முடியாது. நீங்களே புதிதாக வரையுங்கள், அல்லது நூலின் பக்க எண்ணை மட்டும் கொடுங்கள். இன்னொரு விஷயம், மாதிரியின் கடைசிப் பக்கத்தில் 'சார் சொன்னது' என்று கட்டம் கட்டியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச வேண்டும். அதுவரை பொறுத்திருங்கள். அறைக்கு வாருங்கள்."

அந்தக் கட்டத்தில் இருந்தது ஒரே வரி: மேகம் களைப்படையும்போது மழை பெய்கிறது.

அவள் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் போய், "இதை சார் சொன்னார்ல?" என்று கேட்டாள். ஒருத்தர் விடாமல் தலையாட்டினார்கள். "சொன்னாரே, என் காதால கேட்டேன்" என்று தலைவன் அடித்துச் சொன்னான். இவளுக்கு உயிர் வந்தது. அவன் அந்த மதியம் முழுக்க மேஜையில் எச்சில் வடியத் தூங்கியவன் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

பேராசிரியரின் அறையில் திரை பாதி இழுத்திருந்தது. மேஜையில் வகுப்புத் தேர்வு விடைத்தாள் கட்டு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அது இல்லாத முகம் வயசான முகமாக இருந்தது.

"உக்காருங்கம்மா. இந்தக் கட்டுல பாதிப் பேர் மழை பெய்யிற படிகளை எழுதியிருக்காங்க. ஆவியாதல், குளிர்தல், திரளுதல், களைப்படைதல்." கட்டைத் தடவிக்கொடுத்தார். "களைப்படைதல்! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு படியை நான் பார்த்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒருத்தர் ரெண்டு பேர்னா உளறல்னு விட்டுடலாம். பாதி வகுப்பு எழுதினா, நான் சொல்லியிருக்கணும். ஆனா எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்லம்மா." குரலைத் தாழ்த்தினார். "இப்பல்லாம் சாவியை எங்க வெச்சேன்னு தெரியல. இப்ப வகுப்புல நின்னு என்ன பேசறேன்னும் தெரியலன்னா... நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கா கவனிக்கிறவங்க. உண்மையைச் சொல்லுங்க. எந்த ஸ்லைடுல சொன்னேன்? எங்க நின்னுக்கிட்டிருந்தேன்?"

நோட்ஸக்கா கண்ணை மூடி அந்த மதியத்துக்குள் போனாள். இருட்டு. சுவரில் பெரிய வெண்மேகம். அதன் கீழே சார். மிகத் தெளிவாகத் தெரிந்தார். ஒரு போர்வையின் மறுமுனையைப் பிடித்திருந்தார். இவள் ஒரு முனை, அவர் ஒரு முனை, இருவருமாக உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவர் மெல்லச் சொன்னார், "மேகமும் களைச்சுப்போகும்மா, அப்பத்தான் மழை." அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

வகுப்பில் ஏது போர்வை?

கண்ணைத் திறந்தாள். காது மடல்வரை சுட்டது. 'ஆமா சார், நீங்கதான் சொன்னீங்க' என்றால் போதும். பட்டம் தப்பும், அனுமதியும் கிடைக்கும், வகுப்பே சாட்சிக்கு வரும். எதிரே இருந்தவர் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லல சார்."

"அப்போ இத்தனை பேர்..."

"எல்லாரும் என் நோட்டைப் பார்த்து எழுதினவங்க. நான் தூங்கிட்டேன் சார். கனவுல வந்து சொன்னீங்க. கை பாட்டுக்கு எழுதியிருக்கு." ஒரே மூச்சில் கொட்டினாள். "அன்னிக்கு மட்டும் இல்ல. பாதி நாள் உக்காந்தபடியே தூங்கறேன். விடிகாலை வேலை சார். முதுகு மட்டும் நேரா நிக்கும்."

அவர் மேஜைமேல் முன்னால் சாய்ந்தார்.

"நிச்சயமா நான் சொல்லல?"

"சத்தியமா சொல்லல சார். துளிகள் ஒண்ணோட ஒண்ணு மோதிச் சேர்ந்து பெருசாகும், காத்தால தாங்க முடியாதப்ப விழும். அதான் நீங்க சொன்னது. அது நான் முழிச்சிருந்தப்ப."

அவர் நெடுமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பி, தட்டத் தொடங்கினார். "அனுமதின்னா எழுத்துல இருக்கணும். துறையிலயும் கேட்டுட்டேன், தடை இல்ல. தொகுப்பு முழுசையும் எனக்குக் காட்டணும். தூக்கத்துல எழுதின பக்கங்களை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே பார்ப்போம். வகுப்புல விஷயத்தை யார் சொல்றது?"

"நானே சொல்றேன் சார்" என்றாள். பட்டம் போனது போனதுதான்.

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அவர் ஃபோனை எடுத்தார். அவள் எழுந்தாள். போவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"நான்தான். அந்த நரம்பு டாக்டர்கிட்ட நாள் வாங்கினியே, வேணாம்னு சொல்லிடு" என்றார் மனைவியிடம். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவருகே நின்றவளைப் பார்த்தபடி சொன்னார்:

"இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல. அதை நான் சொல்லவே இல்லையாம்."