சலாமில் தொடங்கிய கடிதம்

1998இல் கல்முனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். சவூதியில் மவுத்தாகி அங்கேயே அடக்கமான கணவரின் பெட்டியில் கிடைத்த பிளாப்பி டிஸ்க்கை ஹிதாயா ராத்தா கொண்டுவந்தார். கணவர் கம்ப்யூட்டரில் தட்டி வைத்து, அனுப்பாமல் விட்ட கடிதம் ஒன்று அதில் இருந்தது.

அவருடைய எழுத்துரு என்னிடம் இல்லை. வேர்டில் ஒட்டி எங்கள் எழுத்துருவைப் போட்டால், கொம்பு ஓரிடம், புள்ளி ஓரிடம், நடுவில் ஆங்கிலக் குறிகள். எழுத்துரு செய்கிறவனெல்லாம் தன்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு வைத்தால் இந்தக் கூத்துத்தான்.

ஆனால் எங்கள் ஆட்களின் கடிதம் சலாமில்தானே தொடங்கும். முதல் வரியை ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்று வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று தாளில் குறித்தேன்.

“ராத்தா, உங்கள என்னெண்டு கூப்பிடுவார்?”

ராத்தா தலையைத் தாழ்த்திக்கொண்டார். “சிபானாட உம்மா எண்டுதான்.”

அடுத்த வரியும் பிடிபட்டது. ஒவ்வொரு குறியாக மாற்றிக்கொண்டு போக, அஸர் தொழுகை நேரத்துக்குள் கடிதம் முழுவதும் வந்துவிட்டது. கடைசி வரியை நான் சத்தமாக வாசித்திருக்கக் கூடாது.

“இது உங்கட கைக்கு வாறதுக்கு முந்தி நான் வந்திருவன்.”

ராத்தா அழவில்லை.

“பிரின்ட் எடுங்க தம்பி. புள்ள சிபானா வாசிப்பாள். அந்தக் கடசி வரிய மட்டும் முந்தி இருந்த மாதிரியே விடுங்க.”

அந்த வரியில் மாற்றிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் குறிகளாக உடைத்தேன்.