பதினான்காம் சுற்றறிக்கையும் ஒரு கீலும்

குடியிருப்போர் சங்கத் தலைவர் காலையிலிருந்து ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார். கூடத்து அலமாரியின் ஒற்றைக் கதவு முன்பக்கம் தொங்கிப்போய், கீழ்மூலை அடிப்பலகையில் உரசியது. மேல் கீலின் ஸ்க்ரூக்கள் மூன்றும் திருகத் திருகச் சும்மா சுற்றின. எதையும் பிடிக்கிற உத்தேசம் அவற்றுக்கு இல்லை.

அலமாரிக் கதவு தொங்கினால் உலகம் முழுகிப்போகாதுதான். ஆனால் ஆறு மணிக்கு இதே கூடத்தில் சங்கக் கூட்டம். அவருடைய பதினான்காம் சுற்றறிக்கை அங்கேதான் நிறைவேற வேண்டும்: 'கட்டடத்தின் அமைதி கருதி, தச்சுவேலைக்கு மூன்று நாள் முன்னதாக எழுத்துமூலம் அனுமதி பெறுக. சிறு பழுதுகளை வீட்டாரே சரிசெய்க. தலைவர் அவ்வாறே செய்கிறார்.' கடைசி வரியை எழுதியபோது அவருக்கே மெய்சிலிர்த்திருந்தது.

"ஸ்க்ரூ லூசாத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

"எதைச் சொல்றே?"

"கதவோடதைத்தாங்க. வேற எதைச் சொல்லப்போறேன்?"

அவர் டப்பாவைத் துழாவி இரண்டு மடங்கு நீள ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினார். பிடித்தது! பக்கப் பலகையைத் துளைத்து மறுபுறம் வந்து, அங்கே தொங்கிய மனைவியின் பட்டுப்புடவையையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேசப்பட்டதைச் சுற்றறிக்கையில் போட முடியாது.

பதினொரு மணிக்கு, பழைய வேட்டியால் முகத்தைத் துடைத்தபடி அவர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருப்பவர் வீடுவீடாகப் போய் அலமாரி பொருத்தும் ஃபிட்டரம்மா. சுற்றறிக்கை யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது கட்டடத்துப் பூனைக்கும் தெரியும்.

"சும்மா ஒரு அபிப்பிராயம் கேட்கலாம்னு," என்றார் தலைவர்.

ஃபிட்டரம்மா வந்து விரலால் கீலை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "ஓட்டை பெருசாயிடுச்சு சார். ஸ்க்ரூ கவ்வ மரையே இல்ல. எத்தனை நீள ஸ்க்ரூ போட்டாலும் எதைப் பிடிக்கும்?"

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். ஓட்டைகளிலிருந்த மரத்தூளைச் சுரண்டினார். பல்குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, இனி ஒன்றும் நுழையாது என்கிற அளவுக்கு ஓட்டைக்குள் நெருக்கி அடைத்தார். வெளியே நீட்டியதைக் கத்தியால் மட்டமாக நறுக்கினார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் காயணும். அப்புறம் நடுவுல சின்னதா ஓட்டை போட்டு, பழைய ஸ்க்ரூவையே கையால ஏத்துங்க. கதவு நேரா நிக்கும்."

"ஆறு மணிக்குள்ள காயாதா?"

"அவசரப்பட்டா குச்சியும் சேர்ந்து கையோட வந்துடும் சார்."

போய்விட்டார். தலைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பசையைத் தொட்டுப் பார்த்தார். மின்விசிறியை அலமாரிப் பக்கம் திருப்பினார். அதற்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஐந்தரை மணிக்குப் பொறுமை தீர்ந்தது. மனைவியைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லி, ஈரக் குச்சிகளுக்குள்ளேயே ஸ்க்ரூவை ஏற்றித் தாழ்ப்பாளைப் போட்டார். கதவு ஜம்மென்று நேராக நின்றது. சுவாசித்தால் விழுந்துவிடும் என்பதுபோல மனைவி இரண்டடி பின்வாங்கினாள்.

ஆறு மணிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஃபிட்டரம்மா நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் பேசிய பேச்சு அமைதியில் ஆரம்பித்து நாகரிகத்தில் ஏறி நின்றது. எல்லோரும் கை தூக்கத் தயாரானபோது, செயலாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"தீர்மானப் புத்தகம் எங்க சார்? அதுல எழுதினாத்தானே செல்லும்?"

புத்தகம் அலமாரிக்குள் இருந்தது.

"ஒரு தாள்ல எழுதிக்கலாமே?"

"விதி பதினொண்ணு சார். நீங்க போட்டதுதான்."

"நான் எடுத்துத் தரட்டுமா?" என்று செயலாளர் எழுந்தார்.

தலைவர் ஒரே தாவலில் கதவுக்கு முன்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றார். தோளுக்குப் பின்னால் கீல் மெல்ல 'நறுக்' என்றது.

"வேண்டாம்! உட்காருங்க!"

"ஏன் சார், உள்ளே பாம்பா?"

ஃபிட்டரம்மா சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "ஈரம் காயல. காலைல எட்டு மணிக்கு டிரில்லோட வர்றேன் சார்," என்றார் மெதுவாக. "மூணு நாளைக்கு முன்னாடி எழுதித் தரணுமே, அதான் யோசிக்கிறேன். அதுவரைக்கும் நின்னுக்கிட்டிருப்பீங்களா?"

தலைவர் கால்களை மாற்றி ஊன்றிக்கொண்டார். ஒன்பது முகங்களையும் பார்த்தார். சமையலறை வாசலில் மனைவி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"உறுப்பினர்களின் உணர்வுகளை மதித்து," என்றார், முதுகைக் கதவிலிருந்து எடுக்காமலே, "பதினான்காம் சுற்றறிக்கை வாபஸ் பெறப்படுகிறது. யாராவது வந்து கதவைப் பிடிங்க, முதுகு விட்டுப்போச்சு."