ரோஜாக் கொத்துக்குப் பின்னால் ஒரு முக்குளிப்பான்

இரண்டு மணிக்கு ஏரியின் மதகைத் திறந்துவிடுவார்கள். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் உமாதேவியின் முன்னால், கணினித் திரையில் அந்த ஏரியின் படம் விரிந்திருந்தது. படத்தின் நடுவில் ‘இனிய காலை வணக்கம்’ என்று பொன்னெழுத்து. இடது மூலையில் சிவப்பு ரோஜாக் கொத்து. ஏரியில் மிதந்த ஏழு பறவைகளில் எதன் தலையை அவள் பார்த்தே ஆகவேண்டுமோ, சரியாக அதன் தலைமீது அந்த ரோஜா உட்கார்ந்திருந்தது.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் தரும் சிற்றேரி அது. மண் படிந்து பாதி மேடாகி, பம்பின் வாய் அடைத்து, தண்ணீர் ஏறுவதே இல்லை. தண்ணீரை வடித்துவிட்டு மண்ணை வார, பிரிஞ்சாங் நகரிலிருந்து இயந்திரம் வந்து மதகருகே நின்றது. ஆனால் தோட்டத்தில் ஒரு விதி உண்டு. நீரில் ஏதேனும் பறவை குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தால், அவை வளர்ந்து போகும்வரை வடிக்கக் கூடாது. வாத்துகள் நடந்து வெளியேறிவிடும். பெரிய பறவைகள் பறந்துவிடும். பறக்கத் தெரியாத குஞ்சுகளோ சேற்றில் கிடந்து சாகும். பறவைக் குறிப்பேடு உமாதேவியின் பொறுப்பு. கையில் சான்றில்லாமல் எதையும் நிறுத்த முடியாது என்று மேலாளர் சுப்பிரமணியம் சொல்லிவிட்டார். சென்ற ஆண்டு அவள் தாழைக்கோழியை நாமக்கோழி என்று எழுதி, அதை மேலிடம் சிரித்துத் திருத்தியனுப்பியது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

நேரில் போய்ப் பார்த்தால் ஆயிற்றே என்று தோன்றும். எட்டு மணிக்கு இறங்கிய மூடுபனி இன்னும் ஏரியை விட்டு எழவில்லை. மதகில் நிற்பவனுக்கே தண்ணீர் தெரியவில்லை. பனிக்கு முன், ஏழு மணிக்கு, எதிர்ச்சரிவிலிருந்து பம்ப் ஓட்டும் நாகப்பன் கைப்பேசியில் எடுத்த படம்தான் கதி.

நாகப்பன் வந்து நின்றான். பூ எதற்கு என்று அவள் கேட்டதற்கு அவனிடம் தெளிவான பதில் இருந்தது.

“சும்மா தண்ணியும் கருப்புப் புள்ளியுமா இருந்துச்சு கிராணியம்மா. அழகே இல்ல. காலையில தோட்டத்து குரூப்புக்கு அப்படியே அனுப்பினா நல்லா இருக்குமா லா?”

மூலப் படத்தைக் கேட்டாள். கைப்பேசி நிறைந்துவிட்டதால் அழித்துவிட்டதாகச் சொன்னான். உமாதேவி அவன் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி, அழித்தவை சில நாள் தங்கும் பகுதியைத் தேடினாள். மாரியம்மன் கோவில் விளக்கு, கியா பார்ம் சந்தை முட்டைக்கோசு, அவன் மைத்துனியின் பூனை எல்லாவற்றையும் கடந்து வந்தபோது, ஏரிப் படங்கள் ஒன்றல்ல, நான்கு கிடைத்தன. சில நொடி இடைவெளியில் எடுத்தவை. மற்ற மூன்றையும் ஏன் அனுப்பவில்லை என்றாள். மூன்றாவதில் ஒரு பறவை குறைகிறது, அது கெட்டுப்போன படம் என்றான் நாகப்பன்.

அதற்குள் தொழிலாளர் லயத்திலிருந்து பாஞ்சாலை வந்து சேர்ந்தாள். போன வாரம் காணாமல் போன அவளுடைய மூன்று வாத்துகளும் படத்தில் இருப்பதாகக் குரூப்பில் பார்த்தாளாம். மூன்றல்ல, ஏழும் தன்னுடையவையே என்பது அவள் கட்சி. வாத்து பெருகாதா என்ன?

“ஒரு வாரத்துல மூணு ஏழாகுமாக்கா?” என்றாள் உமாதேவி.

“என் வாத்து கெட்டிக்கார வாத்து.”

ஏரிப் பறவைகள் கூடிப் பஞ்சாயத்து வைத்தால், முதல் வழக்கு மனிதர்மீதுதான் இருக்கும்; தண்ணீரில் மிதப்பவை அனைத்துக்கும் வாத்து என்றே பெயரிட்ட குற்றத்துக்கு. உமாதேவி பாஞ்சாலைக்கு ஒரு நாற்காலியைக் காட்டிவிட்டு, மூலப் படத்தைப் பெரிதாக்கினாள். எதிர்வெளிச்சத்தில் நிறம் எல்லாம் செத்து, கறுத்த உருவங்களே எஞ்சியிருந்தன. நிறத்தை நம்பியதுதான் சென்ற ஆண்டுப் பிழை. ஆகவே அலகு, உடல், மிதக்கும் விதம் என்ற மூன்றை மட்டுமே பார்ப்பதென்று முடிவுசெய்தாள்.

கரையோரம் மூன்று. நீண்ட கனத்த உடல், நீருக்கு மேலே நன்றாக எழுந்து, படகுபோல் மிதந்தன, வால் மேல்நோக்கியிருந்தது, அலகு கரண்டிபோல் தட்டை. சந்தேகமில்லை, பாஞ்சாலையின் சொத்து. நடுவில் மூன்று. உருண்டை உடல், முதுகு வளைந்து இறங்கி, வால் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது, தலை சிறியது, அலகு கோழியுடையதைப்போல் குட்டையாகக் கூர்ந்தது. தாழைக்கோழியாயின் வாலைத் தூக்கிக்கொண்டு நீந்தும். இவை வடக்கிலிருந்து எப்போதாவது வழிதவறி வரும் நாமக்கோழிகள். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டும் மங்கலாகத் தெரிந்தது. சென்ற ஆண்டு எழுதிய பெயர், இந்த ஆண்டு வந்து மிதக்கிறது. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஏழாவதுதான் குரூப்புக்கு வந்த படத்தில் ரோஜாவுக்குள் இருந்தது. எல்லாவற்றிலும் சிறியது. மெல்லிய கழுத்து நிமிர்ந்திருந்தது; அலகு சிறிய ஊசி. வால் என்று ஒன்றே இல்லை. பின்புறம் வெட்டிவிட்டதுபோல் மொட்டையாகப் புசுபுசுத்திருந்தது. மூழ்கி இரை தேடும் முக்குளிப்பானுக்குரிய அடையாளங்கள் இவை. ஆனால் முக்குளிப்பான் நீரில் தாழ்ந்தல்லவா மிதக்கும்? இதன் முதுகோ மேடாக எழுந்து நின்றது. கூன் விழுந்த முக்குளிப்பானை யார் கண்டார்? பேனாவை எடுத்து, ‘வாத்துக்குஞ்சாக இருக்கலாம்’ என்று எழுதப்போனாள்.

எழுதவில்லை. அலகு வாத்தினுடையதல்ல என்று கண் சொல்லும்போது, கை ஏன் வாத்து என்று எழுத வேண்டும்? இரண்டாம் படத்தைத் திறந்தாள். கூன் இடம் மாறியிருந்தது. முதல் படத்தில் முதுகின் நடுவில் இருந்த மேடு, இப்போது இரண்டு சிறு புடைப்புகளாகப் பிரிந்து, ஒன்று கழுத்தடியில் ஒட்டியிருந்தது. மூன்றாம் படத்தில், நாகப்பன் கெட்டுப்போனது என்றானே அதில், பெரிய பறவையே இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நீர்வளையம். பக்கத்தில் கடுகளவில் இரண்டு புள்ளிகள். நான்காவதில் தாய் பத்தடி தள்ளி எழுந்திருந்தது. முதுகில் மேடில்லை, உடல் முக்குளிப்பானுக்கே உரிய தாழ்வில் அமர்ந்திருந்தது. இரு புள்ளிகளும் அதை நோக்கிப் பாதி வழி வந்திருந்தன. முதுகில் சுமந்த குஞ்சுகளை உதறிவிட்டு மூழ்கி, இரை தேடி எழுந்திருக்கிறது.

மணி ஒன்றே கால். சுப்பிரமணியம் சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு வந்து பார்த்தார். புடைப்பு நிழலாக இருக்கலாம் என்றார். நாற்றங்கால் காய்கிறது என்றார். போன வருஷத்துக் கதையையும் நினைவூட்டினார்.

“நெழல்னா சார், பறவை முங்கினதும் அதுவும் கூடவே போயிருக்கணும். இங்க பறவை இல்ல, புள்ளி ரெண்டும் இருக்கு. முதுகுல ஏறிப் போற வயசுன்னா பொரிச்சுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது. ரெண்டு மணிக்குத் தண்ணி எறங்கினா அதுங்க சேத்துலதான்.”

அவர் மூன்றாம் படத்தையும் நான்காம் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். ஆறு வாரமாவது என்றாள். கடைசியில் அவர் தொலைபேசியை எடுத்து, இயந்திரம் ஓட்டும் முனியாண்டியை மதகைத் தொடாமல் மேல்வாய்க்காலில் மட்டும் மண்ணை வாரச் சொன்னார். மறுமுனையில் முனியாண்டி எதிர்த்துப் பேசியது அலுவலகம் முழுவதும் கேட்டது. பாஞ்சாலை, குஞ்சுகளைக் கலைக்காமல், தன் மூன்று வாத்துகளையும் கரைக்கு வெளியிலிருந்தே தவிடு காட்டி அழைத்துக்கொள்ள வேண்டும் என்றும் முடிவாயிற்று.

“ஆறு வாரம் லோரியில தண்ணி கொண்டாரணும்,” என்றார் சுப்பிரமணியம். “நாற்றங்கால் ஆளுங்க கத்துவாங்க. எங்கிட்ட வர வேணாம். உங்கிட்ட அனுப்புறேன்.”

உமாதேவி குறிப்பேட்டில், ‘முக்குளிப்பான்: பெரியது ஒன்று, குஞ்சு இரண்டு, மதகு மூடியிருக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மை காய்வதற்குள் செய்தி போய்விட்டது; நாற்றங்காலைக் கவனிக்கும் குமுதா படியேறி வரும் சத்தம் கேட்டது. வரும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.