மூன்றாம் பலகை, ஐந்தாவது படி

அந்த வழுக்கைத் தலை ஆள் மாணவனே இல்லை. பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்த நிமிடமே எனக்கு அது தெரிந்துவிட்டது.

பின்னே? ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் நோட்டைத் திறந்து தேதி போட்டு அடிக்கோடும் போட்டுவிட்டான். அவன் பக்கத்தில் நின்ற நெட்டைப் பையனையும், இரட்டைப் பின்னல் போட்ட பெண்ணையும் பார்த்தால் புது ஆட்கள் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இந்த ஆசாமி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மார்க் போட வந்த மதிப்பீட்டாளர் அம்மா செட் பண்ணி நிறுத்தியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தம்மாவுக்கும் எனக்கும் ஏற்கெனவே வாய்க்கால் வரப்புத் தகராறு. பயிற்றுநர் சான்றிதழ் வகுப்பின் முதல் நாளே, எல்லார் முன்னாலும், "மேடம், உங்க ஃபேன் சுவிட்ச் ஆடுது, தொடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் நான் என்ன எலக்ட்ரீஷியன்? அன்றிலிருந்து அவளுக்கு என் மேல் ஒரு கண். போன மாதம் நடந்த முதல் தேர்வில் என்னைக் கவிழ்த்தது அதனால்தான். தாளில் "இன்னும் தகுதி பெறவில்லை" என்று எழுதிக் கொடுத்தாள். ஃபெயில் என்று எழுத மாட்டார்களாம், மனசு நோகுமாம்!

"இருபது நிமிஷத்துல பதினேழு நிமிஷம் டெஸ்டர் உங்க கையிலதான் சார் இருந்துச்சு. 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா'ன்னு பதினோரு தடவை கேட்டீங்க. ஒருத்தரைக்கூட செஞ்சு காட்டச் சொல்லலை" என்றாள்.

பதினோரு தடவையாம். உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள், பாருங்கள்.

இருபத்து மூன்று வருடமாக ஒரே தொழிற்சாலையில் கரண்டு வேலை. போன வருடம் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். மேனேஜர் கூப்பிட்டு இரண்டு வழி சொன்னார். புது ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கும் வேலை காலியாக இருக்கிறது, அதற்குப் பயிற்றுநர் சான்றிதழ் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்தால் அந்த இடம் எனக்கு. இல்லையென்றால் தொழிற்சாலைக் கேட்டில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டி நம்பரை எழுத வேண்டும். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. இந்தக் கை மீட்டரைப் பிடித்த கை. வண்டி நம்பர் எழுதவா?

இன்று செவ்வாய்க்கிழமை. இது இரண்டாவது வாய்ப்பு.

ஒரு வாரமாக வீட்டில் மனைவிக்குப் பாடம் எடுத்துப் பழகினேன். மூன்றாம் நாள் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் படிக்கணுமா, இல்ல நீங்க பண்றதை வாயைப் பொளந்து பாக்கணுமா? முதல்ல அந்த டெஸ்டரைக் கையில குடுங்க." கொடுத்தேன். அவள் தப்பாகப் பிடித்தாள். பிடுங்கப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஐயோ, அதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"பாடத்திட்டத் தாளைக் குடுங்க சார்" என்றாள் மதிப்பீட்டாளர் அம்மா. கொடுத்தேன். பாடத்தின் நோக்கம், நேரப் பங்கீடு, தேவையான கருவிகள், மாணவர் கற்றதை எப்படிச் சோதிப்பேன், எல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருந்தேன். ஒரு வரி விடாமல் படித்தாள். குற்றம் தேடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு பின்வரிசையில் போய் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிங்க" என்றாள்.

என் பாடம் ஐந்தே படி. ஒன்று, சரியான சுவிட்சைக் கண்டுபிடித்து அணைப்பது. இரண்டு, அதில் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வது. மூன்று, கரண்டு இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் டெஸ்டரை வைத்து, விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. நான்கு, வேலை செய்யப்போகும் சுவிட்ச் பலகையில் வைத்து, எரியவில்லை என்று பார்ப்பது. ஐந்து, மறுபடி அந்தக் கரண்டு இருக்கும் இடத்திலேயே வைத்து, டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது.

"அஞ்சாவது எதுக்கு? அதான் ஏற்கெனவே பாத்தாச்சே?" என்று நான் கேட்டேன். பதில் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நெட்டைப் பையன் தலையைச் சொறிந்தான். "நடுவுல டெஸ்டர் செத்துப்போயிருந்தா, சார்?"

"அடி சக்கை! செத்துப்போயிருந்தா?"

"கரண்டு இருந்தாலும் எரியாது. நாம இல்லைன்னு நினைச்சுத் தொட்டுருவோம்."

"தொட்டா அப்புறம் உன்னைத்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றேன். சிரித்தார்கள். வழுக்கை மட்டும் சிரிக்கவில்லை, எழுதினான்.

ஒரு முறை மெதுவாகச் செய்து காட்டினேன். ஆறே நிமிடம். பிறகு டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப உங்க முறை" என்றேன். மூன்று பயிற்சிப் பலகை, ஆளுக்கொன்று. பலகையில் ஓடுவது இருபத்து நான்கு வோல்ட், ஆளைக் கொல்லாது. என் கையில் செக்லிஸ்ட். ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டம். அவர்கள் ஒரு படியைச் செய்வதை நான் பார்த்தால் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். முடிந்தால் கையெழுத்து.

நெட்டைப் பையன் முதல் பலகையில் தப்பான சுவிட்சை அணைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அந்த வயர் எங்கே போவுதுன்னு பாருப்பா" என்றேன். பார்த்தான், திருத்திக்கொண்டான். பின்வரிசையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. எழுதட்டும், இதை எப்படிக் குறை சொல்வாள்?

இரண்டாவது பலகையில் வழுக்கை. பூட்டை ஒரு கையாலேயே மாட்டினான். சாவியைப் பைக்குள் போட்டு, போட்ட பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். புது ஆள் அப்படித் தட்ட மாட்டான், இருபது வருடம் வேலை பார்த்தவன்தான் தட்டுவான். மாட்டினாயா மகனே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இவன் எங்கேயாவது வேண்டுமென்றே ஒரு தப்புப் பண்ணுவான், நான் கவனிக்காமல் விட்டால் அதை வைத்து என்னைத் தூக்கிவிடுவார்கள். அதுதான் திட்டம். கண்கொத்திப் பாம்பாக அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது படி சரி. நான்கு சரி. ஐந்தும் சரி. ஒரு குறை இல்லை.

"முடிஞ்சுது சார்" என்றாள் மூன்றாவது பலகையிலிருந்து இரட்டைப் பின்னல்.

திரும்பினேன். சுவிட்ச் அணைந்திருந்தது. பூட்டு இருந்தது, அட்டை தொங்கியது. டெஸ்டரை ஒழுங்காக உறையில் போட்டு வைத்திருந்தாள். "எல்லாம் பண்ணிட்டியாம்மா?" என்றேன். தலையாட்டினாள். சரசரவென்று ஐந்து டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். பத்தொன்பதாவது நிமிடம். முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மதிப்பீட்டாளர் அம்மா எழுந்து வந்து செக்லிஸ்ட்டை வாங்கினாள். தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"மூணாம் பலகை, அஞ்சாவது படி. அந்த நேரம் நான் முதல் பலகையைப் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க பாத்தீங்களா சார்?"

அவள் தாளை எட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. பார்த்தேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமை மேனேஜர் மேஜையில் சான்றிதழ் இருக்கும், கேட்டும் வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு திருட்டு முழி. நாளைக்கு இந்த டிக்கை நம்பி இவள் நானூறு வோல்ட்டில் கை வைப்பாள் என்ற எண்ணம் வந்தது.

"பாக்கலை மேடம்" என்றேன். "எதையுமே பாக்கலை. அஞ்சு டிக்கும் சும்மா போட்டது."

தாளைத் திருப்பி வாங்கி, ஐந்தையும் அடித்து, கையெழுத்தையும் அடித்தேன். "வாம்மா. முதல்லேர்ந்து பண்ணு. நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

செய்தாள். மூன்றாவது படியில் விளக்கு எரிந்தது. நான்காவதில் எரியவில்லை. ஐந்தாவது படிக்குக் கரண்டு இருக்கும் இடத்தில் வைத்தாள். எரியவில்லை. அழுத்தி வைத்தாள். அப்போதும் எரியவில்லை. உள்ளே பேட்டரி ஆடுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் கை தானாக நீண்டது. அதை இழுத்துப் பின்னால் கட்டினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் டெஸ்டரைக் கீழே வைத்தாள். "நாலாவதுல நான் பாத்தது செல்லாது சார். பலகையில கரண்டு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"அப்ப?"

"தொடக் கூடாது. வேற டெஸ்டர் எடுத்துட்டு வந்து மறுபடி பாக்கணும்." பிறகு, "முன்னாடி அஞ்சாவதை நான் பண்ணவே இல்லை சார். நேரமாச்சேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

மதிப்பீட்டாளர் அம்மா என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். நாற்காலியைக் காட்டினாள், நான் உட்காரவில்லை.

"போன தடவைக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் சார். கேள்வி கேட்டது, காத்திருந்தது, கையை அடக்கினது எல்லாம் எழுதியிருக்கேன். கடைசியா அந்தப் பொண்ணுகிட்ட நடந்தது, நான் பாத்ததுலேயே நல்ல பாடம். ஆனா அது நான் கேட்டப்புறம் நடந்தது. பாக்காம கையெழுத்துப் போட்டா மத்தது எவ்வளவு நல்லா இருந்தாலும் சான்றிதழ் கிடையாதுன்னு விதி. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு, அடுத்த மாசம். வேற மதிப்பீட்டாளர் வேணும்னா கேக்கலாம். முறையீடு பண்ணணும்னாலும் இந்தத் தாள்ல கட்டம் இருக்கு."

தாளை மூன்று தடவை படித்தேன். ஒரு பொய், கூடக் குறைய எழுதிய ஒரு வரி, ஏதாவது ஒன்று அகப்படாதா என்று தேடினேன். அகப்படவில்லை. ஆத்திரம் வந்தால் தேவலை என்று இருந்தது, அதுவும் வரவில்லை. முறையீடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே படிக்கட்டில் வழுக்கை ஆள் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் நோட்டை மூடினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் பத்தொம்பது வருஷம் வேலை பாத்தவன், கையில ஒரு பேப்பர் கிடையாது. இப்பதான் எலக்ட்ரீஷியன் சான்றிதழுக்குச் சேந்திருக்கேன். நீங்க நிஜமாவே வாத்தியாரா, இல்ல என்னைய வேவு பாக்க வந்தவரா? நீங்க என் கையையே முறைச்சதுல எனக்கு நடுங்கிருச்சு."

"வாத்தியார் இல்லைங்க. இன்னும் ஆகலை" என்றேன்.

வாசலில் போன் அடித்தது. மனைவி.

"என்னாச்சுங்க?"

"வரலைடி."

"எனக்குத் தெரியும்! அந்தம்மா பழி வாங்கிட்டா. உங்களைப் பத்தி யாரு போட்டுக் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். "ஒரு பொண்ணு பண்ணினதைப் பாக்காமலே டிக் போட்டுட்டேன். நானே சொல்லிட்டேன்."

இத்தனை வருடத்தில் நான் யாரையும் திட்டாமல் ஒரு விஷயத்தைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"என்னங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள் பயந்துபோய்.